ஓடர் ஏட்டிலிருந்து வாடிக்கையாளரின் ஆயுள் பெறுமதி

நேயர்களுக்கு வணக்கம். மருதமுனைக் கைத்தறிச் சாறனையும் சேலையையும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்று, வரும் ஓடர்களை எக்செல் ஏடொன்றில் பதிந்து, மாதம் முடிந்ததும் தமக்கென ஒரு பக்க அறிக்கை எழுதிக்கொள்ளும் சிறு விற்பனையாளர் ஒருவரை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன். அவருடைய அறிக்கையில் அந்த மாத விற்பனையும் செலவும் மிச்சமும் இருக்கும். ஆனால் புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பெற விளம்பரத்துக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் விடை இராது. அதற்கு வேண்டியது, ஒருவர் முதல் ஓடர் தொடக்கம் நம்மிடம் வாங்கும் காலம் முழுவதிலும் நமக்கு மிஞ்சும் தொகை. அதையே வாடிக்கையாளரின் ஆயுள் பெறுமதி என்கிறோம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. சராசரி ஓடர் தொகையை ஆண்டுக்கு எத்தனை ஓடர் என்பதாலும், வாடிக்கையாளர் எத்தனை ஆண்டு நிலைப்பார் என்பதாலும் பெருக்கச் சொல்வார்கள். சராசரி ஓடர் 3,000 ரூபா, ஆண்டுக்கு ஒன்று, ஐந்து ஆண்டு நிலைப்பார் என்று வைத்தால் 15,000 ரூபா வரும். பார்க்க இனிமையான தொகைதான். ஆனால் கடையே பதினைந்து மாதமாகத்தான் நடக்கிறதென்றால் அந்த ஐந்து ஆண்டை எங்கிருந்து எடுத்தோம்? மாதக் கட்டணம் செலுத்தும் சேவைகளில் ஒருவர் விலகும் நாள் ஏட்டில் பதிவாகும். சாறன் வாங்கியவரோ இனி உங்களிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை; பேசாமல் இருந்துவிடுகிறார். அவர் போய்விட்டாரா, அடுத்த பெருநாளுக்காகக் காத்திருக்கிறாரா என்பது ஏட்டைப் பார்த்தால் உடனே தெரியாது. இந்தக் கணக்கின் சிரமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கணக்குக்கு முன்பு இரண்டு சீர்திருத்தங்கள் வேண்டும். முதலாவது, 3,000 ரூபா என்பது விற்பனை, மிச்சமல்ல. நெசவாளரிடம் வாங்கிய விலை 2,150, பொதி செய்ய 65, கூரியர் கட்டணத்தில் நாம் ஏற்கும் பங்கு 150 என்று கொள்வோம். பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பும் நூறு பார்சல்களில் எட்டு திரும்பி வந்து, ஒவ்வொன்றும் போக வர 400 ரூபா தின்றால், அந்த 3,200 ரூபாவை ஒழுங்காகச் சேர்ந்த 92 ஓடர்களே சுமக்க வேண்டும். ஓடருக்கு ஏறத்தாழ 35 ரூபா. இவற்றையெல்லாம் கழித்தால் 600 ரூபா நிற்கும். திரும்பி வந்த பார்சல்களை ஓடர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இரண்டாவது, ஒரே ஆள் ஏட்டில் இரண்டு ஆளாக நிற்பது. தொலைபேசி இலக்கத்தை ஒரு நாள் 077 என்று தொடங்கி எழுதுகிறோம், இன்னொரு நாள் +94 77 என்று ஒட்டுகிறோம், சில வேளை எக்செலே முதற் பூச்சியத்தை விழுங்கிவிடுகிறது. இடைவெளிகளையும் கோடுகளையும் நீக்கிக் கடைசி ஒன்பது இலக்கங்களை மட்டும் தனி நிரலில் வைத்தால் உள்ளூர்க் கைபேசி இலக்கங்கள் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். நம் பகுதிக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. கட்டாரில் இருக்கும் மகன் அங்குள்ள இலக்கத்திலிருந்து ஓடர் தருவார். பார்சல் ஏறாவூரில் உள்ள தாயாருக்குப் போகும். அடுத்த முறை தாயாரே தம் இலக்கத்திலிருந்து கேட்பார். முகவரி நிரலை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரே வீட்டு முகவரிக்கு இரண்டு இலக்கங்கள் இருப்பது கண்ணில் படும். அவர்களை ஒரு வீடாகக் கொள்வதே என் வழக்கம். கொள்ளாவிட்டால் இருமுறை வாங்கிய ஒரு வீடு, ஒருமுறை வாங்கிய இரண்டு புதியவர்களாக மாறி, மீண்டும் வருவோர் இல்லை என்ற பொய்த் தோற்றம் உண்டாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நான் சொல்லும் ஏடு எடுத்துக்காட்டுக்காக அமைத்தது. பதினைந்து மாதத்தில் 460 வாடிக்கையாளர், 633 ஓடர். மறுவிற்பனைக்கு மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களை முன்னரே பிரித்துத் தனித்தாளில் வைத்துவிட்டோம். அவர்களில் ஒருவரே சராசரியை இழுத்துவிடுவார். 633ஐ 460ஆல் வகுத்தால் ஆளுக்கு 1.38 ஓடர், அதாவது 826 ரூபா. இது மிகக் குறைந்த மதிப்பு. சென்ற வாரம் முதன்முதலாக வாங்கியவரும் பதினான்கு மாதம் முன்பு வாங்கியவரும் ஒரே கூட்டத்தில் எண்ணப்பட்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலையும் இன்னும் கதிர் வராத வயலையும் சேர்த்து ஏக்கருக்கு இத்தனை மூடை என்று சொல்வது போன்றது இது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் அவருடைய முதல் ஓடர் நாளையே தொடக்கமாக வைத்து, அங்கிருந்து 90 நாட்களுக்கு ஒரு கட்டமாகப் பிரிக்கிறோம். நாட்காட்டி மாதத்தால் பிரித்தால் மார்ச் 30ஆம் திகதி வந்தவருக்கு மார்ச்சில் இரண்டே நாள்தான் கிடைக்கும். கட்டமொன்றைக் கணக்கிடும்போது அதை முழுமையாகக் கடந்தவர்களை மட்டுமே எடுக்க வேண்டும். பாதியில் நிற்பவர்களின் ஓடர்களும் சேரக்கூடாது, அவர்களின் தலையும் சேரக்கூடாது.

நம் ஏட்டில் முதல் 90 நாளை முடித்தவர்கள் 400 பேர். அந்த நாட்களுக்குள் அவர்கள் தந்தவை 440 ஓடர், ஆளுக்கு 1.10. இதில் முதல் ஓடரும் அடங்கும். 180 நாளை முடித்தவர்கள் 310 பேர். இரண்டாம் கட்டத்தில் 62 ஓடர், ஆளுக்கு 0.20. 270 நாளை முடித்த 220 பேரிடமிருந்து மூன்றாம் கட்டத்தில் 33 ஓடர், 0.15. 360 நாளை முடித்த 100 பேரிடமிருந்து நான்காம் கட்டத்தில் 12 ஓடர், 0.12. நான்கையும் கூட்டினால் 1.57 ஓடர், 600ஆல் பெருக்கினால் 942 ரூபா. ஒரு வாடிக்கையாளரின் பன்னிரண்டு மாதப் பெறுமதி இதுவே. அறிக்கையில் அதற்கு ஆயுள் பெறுமதி என்று தலைப்பிட்டாலும், பக்கத்தில் பன்னிரண்டு மாதம் வரை என்று எழுதிவிட வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு ஏட்டில் சான்று சேராதவரை நான் அதைக் கூட்டமாட்டேன்.

இந்த நான்கு எண்களும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. கடைசிக் கட்டத்தில் இருப்பவை 12 ஓடர் மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதற்கு அதன் வர்க்கமூலம் ஒரு கைக்கணக்கு: 12க்கு ஏறத்தாழ மூன்றரை. இரு பக்கமும் அதன் இரு மடங்கு விட்டால், அந்த 100 பேரிடமிருந்து வந்த ஓடர் 5 ஆகவும் இருந்திருக்கலாம், 19 ஆகவும் இருந்திருக்கலாம். ரூபாவில் ஆளுக்கு 30 முதல் 114 வரை. 942இல் இது பெரிய ஆட்டமல்ல, ஏனெனில் பெறுமதியில் 660 ரூபா முதல் 90 நாளிலேயே வந்துவிடுகிறது.

பெருநாள் கால வியாபாரத்தில் மட்டும் இந்தக் கடைசிக் கட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நோன்புப் பெருநாள் ஏறத்தாழ 354 நாளுக்கு ஒருமுறை வருகிறது. சென்ற ஆண்டு பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு முதன்முதலாகச் சாறன் வாங்கியவர், இம்முறை இரண்டு நாள் முன்பு வாங்கினால் அது 362ஆம் நாளாகி, 360க்கு வெளியே விழும். தீபாவளி இன்னும் மோசம்: ஓராண்டு 354 நாள் இடைவெளி, வேறோர் ஆண்டு 384 நாள். ஆண்டுக்கொருமுறை தவறாமல் வருபவரையே, வராதவர் என்று ஏடு காட்டிவிடும். ஆதலால் ஏடு வளர வளர 361 முதல் 400 நாள் வரை இன்னொரு கட்டம் வைப்பது நல்லது. இத்தகைய கணிப்புக்கு ஃபேடர், ஹார்டி, லீ ஆகிய சந்தைப்படுத்தல் ஆய்வாளர் மூவர் 2005இல் வெளியிட்ட கணித மாதிரியைப் பலர் பரிந்துரைப்பார்கள். எத்தனை முறை மீண்டும் வாங்கினார், கடைசியாக எப்போது வாங்கினார், வந்து எவ்வளவு காலமாயிற்று என்ற மூன்றை வைத்து, அவர் இன்னும் நம் வாடிக்கையாளரா என்பதை அது நிகழ்தகவாகச் சொல்லும். நல்ல கருவிதான், ஆனால் ஒருவர் வாடிக்கையாளராக இருக்கும்வரை ஒரே வேகத்தில் வாங்குகிறார் என்பது அதன் எடுகோள். பெருநாளுக்குப் பெருநாள் கூடிக் குறையும் துணி வியாபாரத்தில் அந்த எடுகோள் நிற்பதில்லை.

விளம்பரச் செலவுக்கு இந்த எண்களை எப்படிப் பயன்படுத்துவது? புதியவர் ஒருவரைப் பெற 750 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 942இல் 750 போனால் 192 மிச்சம், ஆகவே இலாபம் என்று நிறுத்திவிடக் கூடாது. 90 நாளில் 660 ரூபாதான் வந்திருக்கும். 180 நாளில்தான் 780. போட்ட பணம் மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில்தான் திரும்புகிறது. பெருநாளுக்கு முன் நெசவாளருக்குக் கைக்காசு கொடுத்துச் சரக்கெடுப்பவருக்கு அந்த இடைக்காலம் தாங்காது. அவர் 660க்கு உள்ளேயே தம் எல்லையை வைத்துக்கொள்வதுதான் சரி.

கணிப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க, ஏட்டின் கடைசி 90 நாளை மறைத்துவிட்டு அதற்கு முந்திய பதிவுகளைக் கொண்டு மட்டும் கணக்கிட வேண்டும். அவ்வாறு செய்தபோது 180 நாளை முடித்திருந்தவர்கள் 220 பேர், இரண்டாம் கட்ட ஓடர் 46, ஆளுக்கு 0.21. அடுத்து 180 நாளை முடிக்கவிருந்த 90 பேரிடமிருந்து 19 ஓடர் எதிர்பார்க்கலாம். மறைத்ததைத் திறந்தால் 16. 19இன் வர்க்கமூலம் நான்குக்குச் சற்று மேல். மூன்று குறைந்தது அந்த ஆட்டத்துக்குள்தான். ஏழோ எட்டோ மட்டும் வந்திருந்தால், இலக்கங்கள் மீண்டும் பிரிந்து கிடக்கின்றனவா என்று முதலில் தேடியிருப்பேன்; அது இல்லையென்றால்தான் புதிதாக வருவோரின் தன்மை மாறிவிட்டது என்று கொள்வேன்.

மாத அறிக்கையில் 942 என்ற கூட்டுத்தொகை மெதுவாகவே அசையும். அதனால் அதற்கு மேலே இன்னொரு வரி எழுதுங்கள்: இந்த மாதத்தில் 90ஆம் நாளைக் கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களின் முதல் 90 நாள் மிச்சம் ஆளுக்கு எவ்வளவு. மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான். ஆள் எண்ணிக்கையை அடைப்புக்குறிக்குள் கட்டாயம் போடுங்கள். மாதத்துக்கு முப்பது பேர்தான் என்றால் மூன்று மாதங்களைச் சேர்த்து ஓர் எண்ணாக எழுதுங்கள், ஏனெனில் முப்பது பேரில் இருவர் கூடுதலாக ஒரு சேலை எடுத்தாலே அந்த வரி 40 ரூபா ஏறிவிடும். வணக்கம்.