கணக்கு நேரானாலும் பாஸ்புக்கைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுவில் தணிக்கைக்கு உட்கார்ந்ததும் நோட்டைத் திறக்காதீர்கள். முதலில் பெட்டியிலுள்ள ரொக்கத்தை எண்ணி எழுதி, ஊக்குநரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்த்த பிறகு எண்ணினால், இருப்பை ஒத்துப்போக வைக்க நேரம் கிடைத்துவிடும்.

அடுத்தது சேமிப்பு. ஒரு குழுவில் 12 பேர், மாதச் சந்தா 200 ரூபாய், 24 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பாக்கி வைக்கவில்லை என்றால் 57,600 இருக்க வேண்டும். வட்டி வரவு 9,400, செலவு 1,000. ஆக, 66,000 ரூபாய்க்குக் குழு கணக்குச் சொல்ல வேண்டும். கடன் பேரேட்டில் நிலுவை 50,000, வங்கியில் 15,500, கையில் 500. சரியாக 66,000!

பலர் இங்கேயே எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். இதே கணக்கில் 2,000 ரூபாய் காணாமல் போயிருக்க முடியும்.

எப்படி? ஓர் உறுப்பினரின் கடன் பாக்கி 6,000. அவர் அசலில் 2,000 கட்டினார், அவருடைய பாஸ்புக்கில் பாக்கி 4,000 என்று எழுதியாயிற்று. பணமோ ரொக்கப் புத்தகத்துக்கும் வரவில்லை, பேரேட்டுக்கும் வரவில்லை. பேரேட்டில் இன்னும் 6,000 நிற்கிறது. வரவே எழுதாததால் கூட்டல் எங்கேயும் இடிக்காது. பாஸ்புக் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் திரும்பச் சொல்கிறேன்: பாஸ்புக்குகளை உறுப்பினர்களே கையில் கொண்டு வரட்டும். முந்தின நாளே ஊக்குநர் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வைத்திருந்தால், அதில் என்ன எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. பாஸ்புக்கைப் பிரிக்கும் முன்னால், "அக்கா, போன மாசம் எவ்வளவு கட்டினீங்க, இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தன் பாக்கியை மனப்பாடமாகச் சொல்வார். கொண்டுவராதவர் வீட்டுக்கு நடந்துபோய்ப் பாருங்கள். பிரச்சினை பெரும்பாலும் அந்தப் பாஸ்புக்கில்தான் இருக்கும்.

பேரேட்டிலேயே ஒரு தடயமும் உண்டு. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 6,000 பாக்கிக்கு 120 வர வேண்டும். வட்டிப் பத்தியில் 80 என்று இருந்தால், அவர் 4,000-க்குத்தான் வட்டி கட்டுகிறார். மீதி 2,000 எங்கே என்று அங்கேயே கேளுங்கள். வட்டியையும் சேர்த்து மறைத்திருந்தால் இந்தத் தடயம் கிடைக்காது. மறுபடி பாஸ்புக்குத்தான் வர வேண்டும்.

நேரம் நெருங்குகிறது, ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பழைய கடன் முழுதும் அடைந்து, அதே பெயரில் அதே அளவு புதுக் கடன் பிறந்திருந்தால், அது புத்தகத்தில் மட்டும் நடந்த வசூலாக இருக்கலாம். அன்றைய தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கடனுக்குத் தீர்மானம் இருக்கிறதா, வந்திருந்தவர்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் தவணை தவறிய கடன் என்றே அறிக்கையில் எழுதுங்கள். வணக்கம்.