விசா வந்த பிறகு சொல்லலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஆலோசனைக்காக என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். கோவையில் வேலை, வயது 25. உடன் பணிபுரியும் ஒருவரோடு மூன்று மாதப் பழக்கம் மெல்லக் காதலாகிக்கொண்டிருந்தது. ஆனால், ஜெர்மனிக்குச் சென்று முதுகலை படிக்கும் திட்டத்தை அவரிடம் சொல்லவில்லை. "கிடைக்குமோ கிடைக்காதோ, விசா வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்றார்.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பேசினோம். அங்கே குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும்; பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15. அதற்கு முன்பே மொழித்தேர்வு எழுதி, 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் வாங்கியிருக்க வேண்டும். விசா என்பது இத்தனைக்கும் பிறகு கடைசியில் வருவது. அப்போது சொன்னால் கேட்பவர் பின்னோக்கி எண்ணுவார். "மருதமலைக்குப் போனோமே, அன்றைக்கே தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தாயா?" என்ற கேள்வி வரும். பிரிவைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட அந்தக் கணக்கைப் பொறுப்பதில்லை என்பதே நான் கண்டது. ஆகவே, திட்டத்துக்காக முதல் கட்டணம் செலுத்தும் வாரமே சொல்லத் தகுந்த நேரம் என்பேன். அதற்கு முன் அது ஆசை. பேச்சுவாக்கில் சொன்னால் போதும்.

எவ்வளவு காலம் என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "இரண்டே வருஷம்தான்" என்று சொல்ல அவரும் தயாராக இருந்தார். படிப்பு இரண்டு ஆண்டு என்பது உண்மையே. ஆனால், முடித்தவர்கள் வேலை தேட மேலும் 18 மாதம் வரை தங்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. கல்விக்கடன் வாங்கிச் செல்லும் ஒருவர் அதைப் பயன்படுத்தாமல் திரும்புவாரா? "கடனை அடைக்கும்வரை அங்கேயே இருப்பேன், ஐந்தாண்டும் ஆகலாம்" என்பதுதான் அவர் மனத்திலிருந்த உண்மைக் கணக்கு. குறைத்துச் சொல்வதும் மறைப்பதில் ஒரு வகைதான், இல்லையா?

இன்னொன்றும் சொன்னேன். திட்டத்தைச் சொன்ன கையோடு "காத்திருப்பீர்களா?" என்று கேட்டுவிட வேண்டாம். கேட்டால், எதிரில் இருப்பவர் செய்தியை யோசிக்கமாட்டார், பதிலைத்தான் தேடுவார்.

ஒரு சனிக்கிழமை மாலை அவர் சொல்லிவிட்டார்: முடிவாகிவிட்டது, இடம் கிடைப்பது மட்டும் நிச்சயமில்லை, கிடைத்தால் அக்டோபர், ஐந்தாண்டு ஆகலாம். ஆறிப்போன தேநீரைப் பார்த்தபடி இருந்தவர், "எப்போது போகிறாய்?" என்று கேட்கவில்லையாம், "எப்போது முடிவு செய்தாய்?" என்றே கேட்டாராம். "போன வாரம்தான் பணம் கட்டினேன்" என்று அவரால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞர், தந்தை ஓய்வுபெறப்போகும் நிலையில் ஐந்தாண்டுக்குத் தம்மால் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மிகவும் அழுதார். ஆனாலும், கல்லூரிச் சான்றிதழ்களின் நகல்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலையில், அந்த வார இறுதியில் அவருக்கு உடனிருந்து உதவியவர் அந்த இளைஞரேதான்.