ஆடித் தள்ளுபடியும் கீரை கடையும்

(நகர நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவராக இருந்தும் வரவேற்புரையோடு நிறுத்திக்கொண்ட நூலகர் அவர்களே, சுவர் விளம்பரம் எழுதும் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கடந்து, இன்று முதல் வரிசையில் அமர்ந்து என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் ஓவியர் அண்ணன் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். உங்கள் கவலை வீண் போகாது அண்ணா. உங்களிடம் கடைசியில் வருகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, நகைச்சுவைத் துணுக்கிலும் விளம்பரத்திலும் வரும் இரட்டைப் பொருள் என்பதாகும். துணுக்கு, விளம்பரம், ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஓசையால் மோதிப் பிறக்கும் கலப்புச் சிலேடை என்று மூன்று பகுதியாகப் பேசுவதாகத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தமிழைப் புதிதாகக் கற்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறவன் என்பதால், கற்பவர் ஒருவர் இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் எப்படிக் காண்கிறார் என்ற பக்கத்திலிருந்துதான் நான் இதைப் பார்க்க முடியும்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்கிறோம். சிலேடைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பழமொழியில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி, இரண்டு மாங்காயும் விழ வேண்டும் என்பது. ஒன்று விழுந்து மற்றொன்று கிளையிலேயே நின்றுவிட்டால் அது வெறும் கல்லெறிதான்.

கி.வா.ஜகந்நாதன் அவர்கள் பெயரில் மேடைகளில் வழங்கும் ஒரு கதை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சென்ற வண்டி வழியில் நின்றுவிட, உடன் வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்களாம். இவர் மட்டும், "எனக்குத் தள்ளாத வயது" என்று சொல்லிவிட்டாராம். நாம் உடனே சிரிக்கிறோம். என் வகுப்பில் இதைச் சொன்னபோது தமிழ் கற்பவர்கள் சிரிக்கவில்லை. காரணம் எளியது. நமக்குத் 'தள்ளாத வயது' என்பது முதுமையைக் குறிக்கும் ஒரே கட்டி. அதற்குள் 'தள்ளு' என்ற வினை இருப்பதே, நின்றுபோன வண்டியைப் பார்க்கும் வரை நமக்கு நினைவில் இல்லை. அவர்களுக்கோ 'தள்ளு' மட்டும்தான் தெரியும்; முதுமை தெரியாது. வண்டியைத் தள்ளாதவர் தள்ளவில்லை என்கிறார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நாம் வாசல் வழியாக உள்ளே போகிறோம், அவர்கள் கொல்லைப்புறம் வழியாக வருகிறார்கள். நடுக்கூடத்தில் சந்திக்கும்போதுதான் சிரிப்பு.

ஆகவே நான் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு தொடரில் ஏதேனும் ஒரு சொல் சற்றே இடறினால், அகராதியை எடுப்பதற்கு முன் சாட்சியைத் தேடுங்கள் என்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் ஒரு சாட்சி இருக்க வேண்டும். மேலே சொன்ன கதையில் முதுமைக்குச் சாட்சி 'வயது' என்ற சொல். தள்ளுதலுக்குச் சாட்சி நின்றுபோன வண்டி. 'ஆறு' என்ற சொல்லுக்கு எண், நதி, வழி என்று பல பொருள் உண்டு. ஆனால் "ஆற்றில் குளித்தேன்" என்றால் ஒரு சாட்சிதான். அங்கே சிலேடை இல்லை. பல பொருள் உள்ள சொல் வேறு, இரண்டு பொருளும் ஒரே இடத்தில் உயிரோடு நிற்பது வேறு.

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் திருமணம் முதலிய சுப காரியங்களைத் தவிர்ப்பதால் துணி வியாபாரம் மந்தமாக இருக்கும். அதற்காகப் பிறந்ததுதான் ஆடித் தள்ளுபடி. வணிகர் சங்கத் தலைவர் சிரிப்பதைப் பார்த்தால் நான் சொல்வது சரிதான் என்று தோன்றுகிறது. இதை வைத்து ஒரு துணுக்கு: "ஆடித் தள்ளுபடி என்று கதவில் எழுதியிருந்தார்கள். ஆடிக்கொண்டே தள்ளினேன். படியில் விழுந்ததுதான் மிச்சம்." மாதப் பெயர் ஆடுதலாகிறது, விலைக் குறைப்பு இரண்டாகப் பிளந்து, தள்ளு என்ற ஏவலாகவும் படிக்கட்டாகவும் நிற்கிறது. கதவும் விழுந்ததும் சாட்சிகள். பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்தால் இரு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் தண்டியலங்காரம் வகுத்திருக்கிறது. இந்தத் துணுக்கில் 'ஆடி' முதல் வகை, 'தள்ளுபடி' இரண்டாம் வகை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். மாதப் பெயராகக் கொண்டாலும் 'ஆடித் தள்ளுபடி' என்று 'த்' வரும். 'ஆடுதலைச் செய்து' என்ற வினையெச்சமாகக் கொண்டாலும், 'ஆடிப் பாடினான்' என்பதுபோல, 'ஆடித் தள்ளு' என்று 'த்' வரும். எழுத்து இரண்டு பொருளுக்கும் பொதுவாக நிற்கிறது. ஒரே கல், இரண்டு மாங்காய்.

பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரும் இதே 'ஆடி'யில்தான் தொடங்குகிறார். பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிய அந்த வெண்பா:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது.

பாம்பு படமெடுத்தாடிக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். பாம்பு ஆடும்போது சீறும். செக்கு ஆடும்போது இரையும். மூடியதைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும். எண்ணெய் நம் முகத்தைக் காட்டும். தலைக்கு ஏறினால் இரண்டும் பரபரக்கும். இதுவரை எல்லாம் பிரிக்காத சிலேடை. 'பிண்ணாக்கு' என்ற இடத்தில்தான் சொல் பிளக்கிறது: எள்ளுக்கு அது பிண்ணாக்கு, பாம்புக்குப் பிளவுண்ட நாக்கு. பேச்சில் 'புண்ணாக்கு' என்றே கேட்டுப் பழகியவருக்கு இந்த இடம் கைக்கு எட்டாது. எழுத்து வடிவத்தைக் கண்ணால் பார்த்துக் கற்றவர் என் வகுப்பில் இதை நம்மவரைவிட விரைவாகப் பிடித்துவிடுகிறார். கடைசி அடியில் புலவர் தாமே பாம்பு, எள் என்று இரண்டு பெயரையும் சொல்லிவிடுவதால் சாட்சியைத் தேடும் வேலையும் இல்லை. விளம்பரத்தில் அந்த வேலையைப் படம் செய்கிறது.

இப்போது ஒரு நிகழ்ச்சி. வங்கிப் பணிக்காக வடநாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்த ஓர் அம்மையார் என்னிடம் ஓராண்டு தமிழ் படித்தார். தாய்மொழி இந்தி. பாடப் புத்தகம் அவருக்குச் சலித்துவிட்டது என்று சமையல் குறிப்பை வைத்து ஏவல் வினை நடத்தினேன். கழுவு, நறுக்கு, வேகவை, கடை. மத்தைக் கையில் எடுத்து, "கீரையைக் கடை" என்று செய்தே காட்டினேன். என் மனைவி, இந்த வீட்டில் நீங்கள் மத்தைத் தொட்ட முதல் நாள் இதுதான் என்றார். அது வேறு கதை. மறுநாள் மாலை இருவரும் கடைத்தெரு வழியாக வருகிறோம். அவர் திடீரென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்கள்மேல் மோதி, ஒரு பை தக்காளி தெருவில் உருண்டு, அதைப் பொறுக்கிக் கொடுத்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிவதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது. அம்மையார் எதையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெயர்ப்பலகையைக் காட்டி, "ஐயா, இங்கே யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள்?" என்று கேட்டார். பலகையில் பெரிய பச்சை எழுத்தில் இருந்தது: 'கீரை கடை'.

ஆண்டுக்கணக்காக அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். கீரை விற்கும் கடை என்றால் 'கீரைக் கடை' என்று 'க்' வர வேண்டும். ஒற்று இல்லாத 'கீரை கடை' என்பதற்குக் கீரையைக் கடைவாயாக என்றுதான் பொருள். என் கண் இல்லாத எழுத்தைத் தானே போட்டுக்கொண்டு போயிருக்கிறது. அவர் கண் இருந்ததை மட்டும் படித்தது. கடைக்காரப் பாட்டியிடம் விளக்கினேன். கூட்டமும் கேட்டது. பாட்டி அசரவில்லை. "விக்கிறதோட என் வேலை முடிஞ்சுதுங்க, கடையறது உங்க வீட்டுல" என்றார். அம்மையார் என்னை முந்திக்கொண்டு சிரித்தார். கடையும் கடைதலும் ஒரே நேரத்தில் தெரிந்த அந்த நொடியில், இனி இவருக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் இந்த மேடைக்கு வந்த காரியமும் அதுதான். பாட்டி சொன்னது சிலேடை. பலகையில் இருந்தது சிலேடை அல்ல, எழுத்துப்பிழை. வாயால் சொல்லும்போது 'கீரைக் கடை' என்று அழுத்திச் சொல்கிறோம், காது குழம்புவதில்லை. எழுதும்போதுதான் அந்த அழுத்தத்தை விழுங்கிவிடுகிறோம். 'வேலை கேட்டான்' என்றால் பணி கேட்டான். 'வேலைக் கேட்டான்' என்றால் ஆயுதத்தைக் கேட்டான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. 'மருந்து கடை' என்று எழுதிய இடத்தில் நோயாளியே மருந்தைக் கடைந்துகொள்ள வேண்டியதுதான். இவற்றை எல்லாம் நகைச்சுவை என்று சொல்லி ரசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்து இரண்டு பொருளுக்கும் சரியாக நின்றால்தான் எழுதியவருக்குப் பெருமை. ஒற்றைத் தொலைத்துக் கிடைக்கும் இரண்டாம் பொருள், கல் எறியாமல் காற்றில் விழுந்த மாங்காய்.

விளம்பரம் எழுதுகிறவர்கள் இதில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எழுதிய தொடரை முதல் பொருளுக்குரிய ஒற்றும் இடைவெளியும் இட்டு ஒரு முறை, இரண்டாம் பொருளுக்கு ஏற்ப ஒரு முறை எழுதுங்கள். இரண்டிலும் ஒற்று ஒத்து வந்தால் வெளியிடலாம். இடைவெளி மட்டும் வேறுபட்டால் அது பிரிமொழி. எழுத்துகளை ஒட்டி எழுதியோ, படத்தால் பிளந்து காட்டியோ சமாளிக்கலாம். ஒற்றே வேறுபட்டால் அந்தத் தொடரை விட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு பொருளுக்கு அது பிழையாகத்தான் நிற்கும். தமிழைக் கண்ணால் கற்பவர் அந்தப் பிழையைச் சரி என்று படித்துக்கொண்டு போவார்.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். கலப்புச் சிலேடையைப் பற்றிப் பேச நேரமில்லை. அடுத்த ஆண்டு அழைத்தால் பேசுகிறேன், அழைக்காவிட்டாலும் வருகிறேன்.

ஓவியர் அண்ணனுக்கு வருகிறேன். ஒற்று ஏன் விடுபடுகிறது என்று சென்ற மாதம் அவரிடம் கேட்டேன். "எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி பேசுறோம் ஐயா, புள்ளி வச்ச எழுத்துன்னா கடைக்காரர் வேண்டாங்கிறார்" என்றார். எனவே வணிகர் சங்கத் தலைவரிடம் இந்த மேடையில் கேட்கிறேன்: நம் கடைத்தெருவில் விடுபட்ட ஒற்றுகளுக்கான கூலியைச் சங்கம் ஏற்க வேண்டும். இரண்டு மாணவர்களோடு நடந்து பட்டியல் எடுத்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. முதல் பெயர் கீரைக் கடைப் பாட்டியுடையது. அவர் மட்டும், "அந்தப் பொண்ணு பார்த்துச் சிரிச்ச பலகை, அப்படியே இருக்கட்டும்" என்கிறார். அவரை இணங்க வைக்கும் பொறுப்பை நகர்மன்றத் தலைவரிடம் விட்டுவிட்டு அமர்கிறேன். வணக்கம்.