கொண்டல் சொன்னதை எறும்பு சொல்லவில்லை

நடுவர் தந்த தலைப்பு: "பாட்டி பார்த்துச் சொன்ன மழைக் குறிகள் நம்பத் தகுந்த அறிவா, வெறும் பழக்கமா?"

நடுவர் அவர்களே, அறிவுதான் என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே எறும்பை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறேன். முட்டையைத் தூக்கிக்கொண்டு எறும்பு திட்டை ஏறினால் மழை என்ற பேச்சை எதிரணி நண்பர் பாதி நேரம் போட்டு அடித்தார். அடிக்கட்டும். எங்கள் பாட்டியே அந்த எறும்பை நம்பவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். புரட்டாசியில் குறுவை அறுத்துக் களத்தில் நெல் காயும். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சில வருடம் அரசு தளர்த்தும், அதை நம்பி நெல்லைப் போட்டுவைக்க முடியாது. ஆகவே காலையில் பரப்புவதா, மூடியே வைப்பதா என்பதுதான் அன்றாடக் கவலை. ஒருநாள் காலையில் கொல்லைச் சுவரில் எறும்பு சாரிசாரியாக வெள்ளை வெள்ளையாய்த் தூக்கிக்கொண்டு ஏறியது. சித்தப்பா தார்ப்பாயை எடுத்துவிட்டார். எதிர்வீட்டுத் தாத்தா வேறு, "எனக்கு முழங்கால் குத்துது, மழை நிச்சயம்" என்றார். அவருக்குப் பங்குனியிலும் முழங்கால் குத்தும். பாட்டி வந்து சுவரடியைப் பார்த்தாள். "ஏண்டா, நேத்து மாட்டுத் தொட்டி கழுவுன தண்ணிய எங்க ஊத்துன?" என்றாள். அந்தச் சுவரடியில்தான் ஊற்றியிருந்தார். "அப்பறம் எறும்பு என்ன பண்ணும்? நெல்ல விரிச்சுப் போடு."

எறும்பு தூக்கிப்போவது பெரும்பாலும் முட்டையே இல்லை, அதன் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். புற்றில் ஈரம் ஏறினாலும், வெக்கை கூடினாலும், யாராவது மண்வெட்டியால் கிளறினாலும் குஞ்சுகளை இடம் மாற்றும். மழைக்காலம் என்றால் மண் அடிக்கடி நனைகிறது, எறும்பும் அடிக்கடி ஏறுகிறது. மழைக்காலத்தில் இன்று பெய்தால் நாளையும் பெய்ய வாய்ப்பு அதிகம். அதனால் நேற்றைய மழைக்குப் பயந்து ஏறிய எறும்புக்கு நாளைய மழையைச் சொன்ன பெருமை கிடைத்துவிடுகிறது. ஈசலும் அப்படித்தான். மழை விழுந்து மண் இளகியபின் காற்று ஓய்ந்த மாலையில் கிளம்பும் ஈசல் அது. தும்பி தாழப் பறப்பதை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, அன்றைக்கு நெல் என்ன ஆனது? மத்தியானம் வரை சுள்ளென்று வெயில். அதன்பின் மேற்கே மேகம் குவிந்து எழும்பியது. பாட்டி திண்ணைத் தூணில் சாய்ந்து, தெருக்கோடித் தென்னைமரத்தின் நேருக்கு அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். மேகத்தின் அடி, மரத்துக்கு வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால் அது வேறு ஊருக்குப் போகிற மேகம். மரத்தைவிட்டு நகராமல், உயரமும் அகலமும் மட்டும் கூடிக்கொண்டே வந்தால் அது நம் தலைக்கு வருகிற மேகம். நடுக்கடலில் எதிரே வரும் கப்பல் மோதுமா விலகுமா என்று மாலுமிகள் கணக்கிடுவதும் இதே முறைதான்.

மூன்றரை மணிக்கு மேல் காற்று நின்று புழுங்கியது. திடீரென்று மேற்கிலிருந்து ஒரு குளிர்காற்று, மண்வாசனையோடு. "வாரிக் குவிங்கடா" என்று கத்தினாள். குவித்து, தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் கல் வைப்பதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

இடிமேகத்தில் மழை இறங்கும்போது துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகி அங்குள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டி, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவி மழைக்கு முன்னால் ஓடிவருகிறது. வரும் வழியில் நனைந்த மண்ணின் மணத்தையும் அள்ளி வருகிறது. அந்தக் காற்று பக்கத்து ஊர் மழையின் ஒரு பகுதி. எறும்பு தன் காலடி ஈரத்தைச் சொன்னது. காற்று, மேற்கே நிஜமாகவே பெய்துகொண்டிருக்கிற மழையைச் சொன்னது.

"குளிர்காற்று வந்தும் மழை ஏமாற்றிய நாள் இல்லையா?" என்று எதிரணி கேட்கும். உண்டு. நாலாபக்கமும் பரவுகிற காற்று, விலகிப் போகும் மேகத்திலிருந்தும் நமக்கு வரும். சில சமயம் அந்தக் குளிர்காற்றே மேகத்துக்கு ஏறிக்கொண்டிருந்த வெப்பக் காற்றை அறுத்து, மேகத்தைச் சாகடித்துவிடும். அதனால்தான் பாட்டி காற்றை மட்டும் நம்பாமல் தென்னைமரத்தையும் பார்த்தாள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் செவ்வானத்தைப் பிடித்துக்கொண்டார். காலையில் சிவந்தால் மழை, மாலையில் சிவந்தால் மழை இல்லை என்று உலகமே சொல்கிறதாம், ஐப்பசியில் பார்த்தாராம், மாலைச் சிவப்புக்கு மறுநாள் மழை கொட்டியதாம், ஆகவே எல்லாக் குறியும் பொய்யாம். அவர் பார்த்தது சரி, முடிவுதான் தப்பு. மாலையில் சிவக்க வேண்டுமானால் மேற்கே வானம் திறந்திருக்க வேண்டும், அந்த ஒளி கிழக்கே நிற்கும் மேகத்தில் பட வேண்டும். ஐரோப்பாவில் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். கிழக்கு மேகம் அவர்களைக் கடந்துபோன மேகம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது. கிழக்கு மேகம் இனிமேல் வரப்போகிற மேகம். பிற நாட்டுப் பாட்டியின் குறியை நம் ஊரில் வைத்துப் பார்த்துவிட்டு நம் பாட்டியைக் குறை சொன்னால் எப்படி?

எங்கள் பாட்டி ஐப்பசிக்குக் காத்திருந்தது கொண்டலுக்காக, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்றுக்காக. "மேக்காத்து அடிக்கிற வரைக்கும் சும்மா தூத்தல்தான், கொண்டல் திரும்பட்டும்" என்பாள். வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவிக்க என்ன பார்க்கிறது? தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரா வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் கிழக்குக் காற்று நிலைத்து வீச வேண்டும். அது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும். கரையோரம் பரவலாக மழை வேண்டும். வழக்கமான தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். பாட்டியிடம் பலூன் இல்லை, உயரம் அளக்கவில்லை. மற்றபடி அவளும் அதே காற்றைத்தான் பார்த்தாள். புயல் வடக்கே ஆந்திராவை நோக்கி ஏறினால் நமக்குக் கடற்காற்று அறுந்து, வறண்ட மேக்காத்து திரும்பும். வானொலி புயல் என்று அலறும், வயலில் சொட்டு விழாது. அந்த நாட்களில் அவள் நெல்லைப் பரப்பச் சொல்வாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மழை வரும் என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். இவ்வளவு வரும் என்பதை எந்தக் காற்றும் மேகமும் அவளுக்குச் சொல்லாது. ஏரியைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு ரேடாரும் மழைமானியும்தான் வேண்டும். இன்று மாலை எங்கள் களத்து நெல்லை வாருவதா வேண்டாமா என்பதற்கு, மாவட்டம் முழுக்க "ஓரிரு இடங்களில்" என்று வருகிற அறிவிப்பை வைத்துக்கொண்டு எதிரணி என்ன செய்வார்கள் என்று அவர்களின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, நடுவர் அவர்களே.