பாதை ஒரு கணுவில்தான் வளையும்

அனைவருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதன் அடிவரை போய்ப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். லீட்கோடில் 124-ஆம் எண்ணில் `Binary Tree Maximum Path Sum` என்ற பெயரில் இருக்கிறது. விடையாக எழுத வேண்டிய நிரல் பத்துப் பதினைந்து வரிதான். ஆனாலும் அதைக் ‘கடினம்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பைனரி மரம். ஒவ்வொரு கணுவிலும் ஒரு எண். அது மைனஸாகவும் இருக்கலாம். பாதை என்றால், ஒன்றோடொன்று நேரடியாக இணைந்த கணுக்கள் வழியே ஒரு நடை. ஒரு கணுவை இரண்டாம் முறை தொடக்கூடாது. எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம், எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம். வேர் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு கணுவும் பாதைதான், ஆனால் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். இப்படிப்பட்ட பாதைகளில் எதன் கூட்டுத்தொகை மிகப் பெரியது? அதுதான் கேள்வி.

எல்லாப் பாதைகளையும் எண்ணிப் பார்க்கலாமே என்று முதலில் தோன்றும். மரத்தில் இரண்டு கணுக்களைத் தேர்ந்தெடுத்தால் அவற்றுக்கு இடையே ஒரே ஒரு பாதைதான் உண்டு. அப்படியானால் `n` கணுக்களுக்கு `n(n+1)/2` பாதைகள். அந்தத் தளத்தில் 30,000 கணுக்கள் வரை கொடுப்பார்கள். ஏறக்குறைய 45 கோடிப் பாதைகள் வரும். ஒவ்வொன்றையும் நடந்து கூட்டிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

ஆகவே பாதைகளை வகைபிரிக்க ஒரு வழி வேண்டும். இங்கேதான் கணக்கின் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாதையின் ஒரு முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு அடியும் ஒன்று பெற்றோர் கணுவுக்கு மேலே போகும், இல்லையென்றால் குழந்தைக் கணுவுக்குக் கீழே போகும். ஒருமுறை கீழே இறங்கிவிட்டால் மறுபடி மேலே ஏற முடியுமா? முடியாது. ஏனென்றால் ஒரு கணுவுக்கு ஒரே பெற்றோர்தான். மேலே ஏறினால் வந்த கணுவுக்கே திரும்பிப் போவோம், அது விதிக்கு விரோதம். ஆக எந்தப் பாதையாக இருந்தாலும் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம், அவ்வளவுதான். ஏற்றமே இல்லாமல் இருக்கலாம், இறக்கமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் எல்லாப் பாதைக்கும் ஓர் உச்சிக் கணு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான்.

இதனால் 45 கோடிப் பாதைகளையும் 30,000 கட்டுகளாகக் கட்டிவிடலாம். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கட்டு, அதாவது அந்தக் கணுவை உச்சியாகக் கொண்ட பாதைகள். எந்தப் பாதையும் விட்டுப்போகாது, எதுவும் இரண்டு கட்டில் வராது. இனி ஒவ்வொரு கட்டிலும் மிகச் சிறந்ததைக் கண்டுபிடித்தால் போதும்.

ஒரு கணு உச்சியாக இருக்கும்போது அந்தக் கட்டில் எது சிறந்தது? இடது குழந்தையிலிருந்து நேராகக் கீழே இறங்கும் பாதைகளில் மிகப் பெரிய தொகையை எடுங்கள். வலதுபுறமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை, தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். எந்தப் பக்கத்துத் தொகை மைனஸோ அந்தப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம். கணுவின் சொந்த எண்ணோடு இந்த இரண்டையும் கூட்டினால் அந்தக் கட்டின் விடை.

இப்போது கவனியுங்கள். இதே கணு தன் பெற்றோருக்கு என்ன சொல்ல வேண்டும்? இப்போது கண்டுபிடித்த எண்ணை அல்ல. பெற்றோர் உச்சியாக இருக்கும் பாதை, இந்தக் கணுவுக்குள் வந்து, இடதிலோ வலதிலோ ஒரு பக்கமாகத்தான் இறங்க முடியும். ஆகவே மேலே அனுப்ப வேண்டியது, சொந்த எண்ணும் இரண்டு பக்கத்தில் பெரியதும் சேர்ந்த தொகை மட்டும். ஒவ்வொரு கணுவும் இரண்டு எண்களைக் கணக்கிடுகிறது. இரண்டு பக்கமும் கூட்டியது விடைக்கான போட்டியில் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கூட்டியது மேலே போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தக் கணக்கில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

போர்டில் வரைந்திருக்கும் மரத்தைப் பாருங்கள்.

```
          3
        /   \
      -8     -5
      / \    / \
     4   2  11  9
```

கீழிருந்து வருவோம். இலைகள் நான்கும் தங்கள் எண்ணையே மேலே அனுப்புகின்றன. போட்டியில் இதுவரை பெரியது 11.

`-8` கணுவுக்கு இடதிலிருந்து 4, வலதிலிருந்து 2 வருகின்றன. தான் உச்சி என்றால் -8 + 4 + 2, அதாவது -2. மேலே அனுப்புவது -8 + 4 = -4. இந்த -4 வேருக்குப் போனதும் பூஜ்யமாகிவிடும். அதாவது இடது கிளை மொத்தமும் வெட்டப்படுகிறது, கீழே 4 என்ற நல்ல எண் இருந்தும்கூட. அதை எட்ட -8 வழியாகப் போக வேண்டும், போனால் நஷ்டம்.

`-5` கணுவைப் பாருங்கள். தான் உச்சி என்றால் 11 - 5 + 9 = 15. இதுவரையிருந்த 11-ஐ இது முந்திவிட்டது. மைனஸ் எண் உள்ள கணுவே உச்சியாக நிற்கிறது, ஏனென்றால் இரண்டு நல்ல கிளைகளை இணைக்கும் பாலம் அதுதான். மேலே அனுப்புவது -5 + 11 = 6. ஒன்பதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

வேரில் 3 + 0 + 6 = 9. பதினைந்தை இது முந்தவில்லை. விடை 15, பாதை 11, -5, 9. வேர் அதில் இல்லை.

இப்போது குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். `-5` கணு தவறுதலாக 15-ஐ மேலே அனுப்பிவிட்டது என்று வையுங்கள். வேர் 3 + 15 = 18 என்று மகிழ்ச்சியாக அறிவிக்கும். அந்தப் பதினெட்டில் இருக்கும் கணுக்கள் 3, -5, 11, 9. இவற்றை ஒரே நடையில் நடக்க முடியாது, `-5`-இல் மூன்று வழி பிரிகிறது. இந்தத் தவறு இருக்கும் நிரல் எப்போதும் சரியான விடையையோ அதைவிடப் பெரியதையோதான் தரும், சிறியதைத் தராது. ஆகவே உங்கள் விடை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் முதலில் `return` வரியைப் பாருங்கள்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def max_path_sum(root):
    best = float("-inf")

    def gain(node):
        nonlocal best
        if node is None:
            return 0
        left = max(0, gain(node.left))
        right = max(0, gain(node.right))
        best = max(best, node.val + left + right)
        return node.val + max(left, right)

    gain(root)
    return best
```

ஒவ்வொரு கணுவையும் ஒரே முறை தொடுகிறோம். குழந்தைகளின் வேலை முடிந்த பிறகுதான் பெற்றோரின் வேலை. போஸ்ட் ஆர்டர் என்று பாடத்தில் படித்தது இதுதான்.

`best` ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று கேட்பீர்கள். வேரில் -7, இடதில் -3, வலதில் -9 என்று ஒரு சின்ன மரம் போடுங்கள். ஒரு கணுவாவது எடுத்தே ஆக வேண்டும், ஆகவே விடை -3. `best` பூஜ்யத்தில் தொடங்கினால் 0 என்று வரும், அந்தத் தொகையுள்ள பாதையே இந்த மரத்தில் கிடையாது. கிளையைப் பூஜ்யமாக்கலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் போகாமல் இருக்க நமக்கு உரிமை உண்டு. மொத்த விடையைப் பூஜ்யமாக்க அந்த உரிமை இல்லை.

சிலர் இல்லாத கணுவுக்குப் பூஜ்யத்துக்குப் பதிலாக மிகச் சிறிய எண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். ஜாவாவில் `Integer.MIN_VALUE`. கிளையைப் பூஜ்யத்தோடு ஒப்பிடாமல் அப்படியே கூட்டினால், அதோடு -5 சேரும்போது எண் சுற்றிக்கொண்டு 2147483643 ஆகிவிடும். விடை திடீரென்று இருநூறு கோடியைத் தாண்டி நின்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இந்த மரம் கிளையே இல்லாமல் ஒரே சங்கிலியாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் தொடர்ச்சியான எண்களின் மிகப் பெரிய கூட்டுத்தொகை என்ற பழைய கணக்காகிவிடும். படங்களில் உருவங்களை ஆராயும்போது, 1977-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் கிரெனாண்டர் அதை எழுப்பினார். வரிசையை ஒருமுறை மட்டும் நடந்து விடை காணும் வழியைச் சொன்னவர் கார்னெகி மெலனில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜே கடானே. கடானே அல்காரிதம் என்று நீங்கள் படித்தது அதுதான். சங்கிலிக்கு ஒரு பக்கம்தான் உண்டு என்பதால் அங்கே அனுப்பும் எண்ணும் போட்டியில் நிற்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். கிளை வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கடானேவை நன்றாகத் தெரிந்தவர்களே இங்கே தடுமாறுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சங்கிலி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைத்தானில் ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1000 வரைதான். 30,000 கணுக்கள் ஒரே சங்கிலியாக வந்தால் நான் காட்டிய நிரல் `RecursionError` சொல்லி நின்றுவிடும். எல்லையை உயர்த்தலாம், ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. ஒரு ஸ்டாக் வைத்து, பெற்றோர் முன்னும் குழந்தைகள் பின்னும் வருமாறு எல்லாக் கணுக்களையும் ஒரு பட்டியலில் போடுங்கள். அப்புறம் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி நடந்து அதே இரண்டு எண்களைக் கணக்கிடுங்கள். ஒரு கணுவுக்கு வரும்போது அதன் குழந்தைகளின் எண்கள் தயாராக இருக்கும்.

பாதையே வேண்டும், தொகை மட்டும் போதாது என்றால்? `best` மாறும்போதெல்லாம் அந்தக் கணுவைக் குறித்துவையுங்கள், ஒவ்வொரு கணுவும் மேலே அனுப்பிய எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் குறித்த கணுவிலிருந்து, எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும் பக்கங்களில் இறங்குங்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் பெரிய எண் அனுப்பிய குழந்தையின் பக்கம் மட்டும் போக வேண்டும். இரண்டுமே பூஜ்யமோ மைனஸோ என்றால் பாதை அங்கே முடிகிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இதே தலைப்பில் இன்னொரு கணக்கும் உலவுகிறது. அதில் பாதை ஓர் இலையில் தொடங்கி இன்னோர் இலையில்தான் முடிய வேண்டும். அங்கே மைனஸ் கிளையைப் பூஜ்யமாக்கும் உரிமை போய்விடுகிறது, ஏனென்றால் நடுவில் நிற்க அனுமதியில்லை. ஒரே குழந்தை உள்ள கணு உச்சியாகவும் இருக்க முடியாது, அது குழந்தையிடமிருந்து வந்ததைத் தன் எண்ணோடு கூட்டி மேலே அனுப்ப மட்டும் செய்யும். நாம் வரைந்த ஏழு கணு மரத்தில் இரண்டு கணக்குக்கும் 15-தான் விடை, அதை வைத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரியாது. -7, -3, -9 மரத்தைப் போட்டுப் பாருங்கள். நம் கணக்குக்கு -3, இலையிலிருந்து இலைக்கு என்றால் -19.

நன்றி. போர்டில் இடம் இருக்கிறது, உங்கள் மரங்களை வரைந்து கேளுங்கள்.