மகாராணியும் 150 ரூபாயும்

“மகளிர் தினத்துக்குப் பார்லர் பேனர்ல நாலு வார்த்தையை மாத்தினா பொம்பளைங்களுக்கு என்ன கிடைச்சிடும்? வர்றவங்க தள்ளுபடிக்குத்தானே வர்றாங்க?”

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இப்படிக் கேட்ட எதிரணி அண்ணன் கைதட்டலும் வாங்கிவிட்டார். தள்ளுபடிக்குத்தான் வருகிறார்கள், சரி. அதனால்தான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

என் நாத்தனார் ஒரு பார்லரில் 11 வருடமாக வேலை பார்க்கிறார். போன மார்ச் 8-க்கு அங்கே ஒரு பேனர்: ‘பெண்ணே, நீ மகாராணி! 50% வரை தள்ளுபடி!’ மகாராணி ஆள் உயரத்துக்கு. ‘வரை’ எறும்பு அளவுக்கு.

பூ விற்கிற ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அந்தப் பெண் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும். ஐப்ரோ 50, ஹேர்கட் 300. பாதி போட்டால் 175 என்று அம்மாவுக்கு மனக்கணக்கு. சுருக்குப்பையில் 200 இருந்தது. பில் வந்தது, 350! தள்ளுபடி 4,000 ரூபாய் ஸ்ட்ரெய்ட்னிங்குக்கு மட்டுமாம். “‘வரை’ன்னு போட்டிருக்கோமே, பொய்யில்லையே” என்றார் முதலாளியம்மா. அந்த அம்மா சுருக்குப்பையை உதறிப் பார்த்தார். ஒரு தடவை இல்லை நடுவர் அவர்களே, இரண்டு தடவை! மகாராணி என்று கூப்பிட்ட வாசலுக்குள்ளே, மகள் பார்க்க, காலிப் பையை உதறினார். மீதி 150-ஐ என் நாத்தனார்தான் போட்டார்.

அண்ணே, வார்த்தை என்ன செய்யும் என்றீர்களே. அது அந்த அம்மாவை உள்ளே இழுத்துத் தலைகுனிய வைத்தது.

இந்த வருடம் வாசகத்தை மாற்றுங்கள் என்றதும் முதலாளியம்மா, “பிங்க் கலர் வேண்டாமா?” என்றார். கலர் இல்லை அக்கா, கணக்கு என்று நாத்தனாரே எழுதிக் கொடுத்தார்: ‘மார்ச் 8 முதல் 14 வரை ஐப்ரோ 25 ரூபாய், ஹேர்கட் 150 ரூபாய். முடி நீளமானாலும் அதே விலை. வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை 7 மணிக்கே திறக்கிறோம்.’ கூட்டிப் பாருங்கள், அதே 175! ஒவ்வொரு வரியையும் காட்டிக் கடைக்காரரைக் கேள்வி கேட்கலாம். ‘மகாராணி’யைக் காட்டி என்ன கேட்க முடியும்?

இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: ‘எங்கள் ஊழியர்கள் 5 பேருக்கும் 15-ஆம் தேதி சம்பளத்தோடு விடுமுறை.’ முதலாளியம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. 1917 மார்ச் 8 அன்று ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்து நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அதே தேதியில் பார்லர் பெண்ணுக்கு லீவு கேட்கவே வாய் வராது. அன்றைக்குத்தான் கூட்டம்.

போன வருடம் அன்று இரவு நாத்தனார் வரும்போது மணி 10. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நின்றவர். கழுத்து திரும்பவில்லை, விரலில் நூல் அறுத்த கோடு. “அத்தை, மகளிர் தினத்துக்கு என்ன குடுத்தாங்க?” என்று கேட்டாள் என் மகள். பையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்தார். காம்பு மட்டும் கையில் வந்தது. இதழெல்லாம் டிபன் பாக்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.