விளம்பர பட்ஜெட்டை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு நைட்டி கணக்கு

வணக்கம். நான் தண்டையார்பேட்டைல கொரியர் புக்கிங் கடை வச்சிருக்கேன், சாயங்காலம் ஆனா ஆன்லைன்ல விக்கிறவங்க எல்லாம் பார்சலோட வந்து நிப்பாங்க. கடையில ஒரு மூலை இருக்கு, ரிட்டர்ன் மூலைன்னு சொல்லுவோம், கஸ்டமர் வாங்காம திரும்பி வந்த பார்சல் எல்லாம் அங்கதான் கெடக்கும். இன்னைக்கு அந்த மூலையை வச்சுத்தான் பேசப்போறேன்.

ராயபுரத்துல ஒரு அக்கா, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல காட்டன் நைட்டி எடுத்து இன்ஸ்டாகிராம்ல விக்கிறாங்க. ஒருநாள் போனை நீட்டி, "பாரு தம்பி, தெனம் 500 ரூபா விளம்பரம், பத்து நாள்ல 50 ஆர்டர், ஒரு ஆர்டர் புடிக்க 100 ரூபாதான் ஆகுது, நாளையிலேர்ந்து 2000 போடப்போறேன்"னாங்க. எனக்கு திக்குன்னு ஆச்சு, ஏன்னா அவங்க பார்சல் பத்து அந்த மூலையில இருந்துச்சு.

உக்காருங்கக்கான்னு சொல்லி பில் புக் பின்னாடி எழுதினோம். நைட்டி விலை 499. சரக்கு 230, கவர் 10, கொரியர் 70, கேஷ் ஆன் டெலிவரி வசூல் சார்ஜ் 30, ஆக 340 போக கையில நிக்கிறது 159. விளம்பரச் செலவு இந்த 159-க்குள்ள அடங்கணும். போன்ல 100-னு காட்டுதே, அப்போ 59 லாபம்தானேன்னு அவங்க நெனச்சதுல தப்பே இல்ல, ஆனா போனுக்கு ரிட்டர்ன் மூலை தெரியாதுல்ல?

விளம்பரத்துக்கு 5000 போட்டா அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதனால கட்டினது 5900. ஜிஎஸ்டி நம்பர் இருக்கவங்க அதை கழிச்சுக்கலாம், அக்காகிட்ட இல்ல. 50 ஆர்டர்ல 10 திரும்பிடுச்சு, காசு வந்தது 40 பேர்கிட்டதான். 5900-ஐ 40-ஆல வகுத்தா 147 ரூபா 50 பைசா, ஒரு கஸ்டமரை புடிக்க உண்மையில ஆன செலவு இதுதான். அது மட்டுமா, திரும்பின ஒவ்வொண்ணுக்கும் போக 70, வர 70, கவர் 10, பத்துக்கு 1500 போச்சு. நாப்பது நைட்டியில கெடச்சது 6360, செலவு 7400. மொத்தத்துல 1040 ரூபா நஷ்டம். இதை நாலு மடங்கா ஆக்கத்தான் அக்கா கெளம்பினாங்க.

அப்புறம் ரெண்டு நைட்டி சேத்து 949-னு செட் போட்டாங்க, அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி கேட்டாங்க. ரெண்டு சேந்தா கொரியர் 90 தான், வசூல் சார்ஜ் ஒரு தடவைதான், கவர் 12, அதனால ஒரு பார்சலுக்கு 357 நிக்குது. அதே 5000-க்கு 36 ஆர்டர், 6 திரும்புச்சு. எல்லாம் போக 30 பார்சல்ல 3658 ரூபா மிச்சம், பார்சலுக்கு சுமார் 122.

இப்போ ஏத்தலாமான்னா ஏத்தலாம், ஆனா இங்கதான் ரொம்ப பேர் மாட்டிக்கிறாங்க. அக்கா தெனம் 1000 ஆக்கினாங்க, பத்து நாள்ல 60 ஆர்டர், 10 ரிட்டர்ன், 50 பேர் வாங்கினாங்க. எல்லாம் கழிச்சு மிச்சம் 4130, பார்சலுக்கு 83, பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி 3658 வந்துட்டு இருந்துச்சே, கூட 5900 போட்டதுக்கு கூட வந்தது வெறும் 472 ரூபா! இருபத்துநாலு பார்சல் அதிகமா மடிச்சு, லேபிள் ஒட்டி, போன் பண்ணி, ஒண்ணுக்கு 20 ரூபா கூட முழுசா நிக்கல. காரணம் என்னன்னா, வாங்குற மாதிரி இருக்கவங்களுக்கு விளம்பரம் மொதல்ல போயிடும், காசு கூட்டினா அந்தளவு ஆர்வம் இல்லாதவங்களுக்கும் போக ஆரம்பிக்கும். அதனால ஏத்தும்போது சராசரியை பாக்காதீங்க, கூடுதலா போட்ட காசு கூடுதலா எத்தன ரூபா கொண்டாந்துச்சுன்னு தனியா பாருங்க.

இன்னொண்ணு, மூணாம் நாளே கணக்கு போடாதீங்க. கேஷ் ஆன் டெலிவரி பார்சல் போய், அவங்க வாங்கலன்னு சொல்லி, திரும்பி என் கடைக்கு வர பத்து, பன்னெண்டு நாள் கூட ஆயிடும். அதுவரைக்கும் போன்ல எல்லாமே வித்த மாதிரிதான் தெரியும்.

அக்கா இப்போ தெனம் 600-ல நிறுத்தியிருக்காங்க. முன்கூட்டியே பணம் கட்டுறவங்களுக்கு 30 ரூபா கொறச்சு தர்றாங்க, வசூல் சார்ஜ் மிச்சமாகுதுல்ல, அதைத்தான் கஸ்டமருக்கு விடுறாங்க. போன வாரம் மூலையில அவங்க பார்சல் ரெண்டுதான் இருந்துச்சு.